வீடு ஒன்று, வாசல் இரண்டு



நம்மில் பலருக்குத் தமிழ்நாட்டில் இன்னும் உறவுகள் உண்டு. எனக்கும் நாமக்கல் பக்கம் அத்தை மகன் ஒருவர் இருக்கிறார். லாரிப் பட்டறையில் வேலை. சென்ற மார்ச் மாதம் 20-ஆம் தேதி இரவு தொலைபேசியில் கூப்பிட்டார். "மச்சான், மகளுக்கு விடுதிக் கட்டணம் 16,000 ரூபாய் கட்டவேண்டும். மியூச்சுவல் ஃபண்டில் போட்டதை மொத்தமாக எடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். நீங்கள் கணக்கு வாத்தியார் ஆயிற்றே, ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். கணக்குத் தாளைப் படம் எடுத்தும் அனுப்பினார். அதில் நான் கண்டதைத்தான் இம்மாதம் எழுதுகிறேன். இது இந்தியாவின் வழக்கம். நம் நாட்டு யூனிட் டிரஸ்டுக்கு விதிகள் வேறு. இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

மியூச்சுவல் ஃபண்ட் என்பது பலர் போடும் பணத்தை ஒன்றாகத் திரட்டி, ஒரு நிர்வாகி பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் முதலீடு செய்வது. நமக்குக் கிடைக்கும் பங்குக்கு யூனிட் என்று பெயர். 2013 ஜனவரி 1 முதல், இந்தியாவில் ஒரே ஃபண்டுக்கு இரண்டு வாசல்கள் இருக்கவேண்டும் என்று செபி என்ற கண்காணிப்பு அமைப்பு விதி செய்தது. முகவர் மூலமாகப் போனால் ரெகுலர். நாமே நேராக ஃபண்ட் நிறுவனத்திடம் போனால் டைரக்ட். உள்ளே வீடு ஒன்றுதான். நிர்வாகியும் அவரே, வாங்கும் பங்குகளும் அவையே. வேறுபாடு செலவில் மட்டுமே இருக்கின்றது.

ரெகுலரில் முகவருக்குக் கொடுக்கும் கமிஷன் செலவோடு சேர்ந்துவிடும். டைரக்டில் அது கிடையாது. இந்தச் செலவை யாரும் நம்மிடம் வந்து கேட்பதில்லை. ஆண்டுச் செலவை நாள்கணக்கில் பிரித்து, அன்றாடம் ஃபண்டிலிருந்தே கழித்துவிட்டு, மீதியைத்தான் யூனிட்டின் மதிப்பாக அறிவிக்கிறார்கள். ஆகவே முகவர் ஒரு காசும் வாங்கவில்லை என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வேறுபாடு ஆண்டுக்கு 1 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஃபண்டுக்கு ஃபண்ட் இது கூடும், குறையும். ஒரு லட்சம் ரூபாய் போட்டவருக்கு டைரக்டில் ஆண்டுக்கு 11 சதவீதமும் ரெகுலரில் 10 சதவீதமும் வளர்வதாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வளர்ச்சி இப்படியே இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பாடத்துக்காகப் போட்ட கணக்கு இது. பத்தாம் ஆண்டு முடிவில் டைரக்டில் 2,83,900 ரூபாய், ரெகுலரில் 2,59,400 ரூபாய். இருபதாம் ஆண்டில் டைரக்டில் 8,06,200, ரெகுலரில் 6,72,700. வேறுபாடு 1,33,500 ரூபாய். முதலில் போட்ட பணத்தைவிட அதிகம்! கமிஷன் ஒருமுறை கொடுத்துத் தீர்வதில்லை. பணம் இருக்கும்வரை ஆண்டுதோறும் போகும், பணம் பெருகப் பெருகத் தானும் பெருகும்.

இங்கே ஒரு மயக்கம் உண்டு. டைரக்டில் ஒரு யூனிட் 112 ரூபாய், ரெகுலரில் 100 ரூபாய் என்று போட்டிருந்தால், ரெகுலர் மலிவு என்று தோன்றும். அப்படியன்று. செலவு குறைவாகப் போனதால்தான் டைரக்டின் மதிப்பு ஏறி நிற்கின்றது. யூனிட்டின் எண்ணிக்கை குறையும், போட்ட பணத்தின் மதிப்பு குறையாது.

அத்தை மகனின் தாளில் ஃபண்டின் பெயரோடு 'ரெகுலர்' என்ற சொல்லும், ஏ.ஆர்.என். என்று தொடங்கும் முகவர் எண்ணும் இருந்தன. எந்த வாசல் என்று கண்டுபிடிக்க இந்த இரண்டைப் பார்த்தால் போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஒருங்கிணைந்த அறிக்கையில் முகவருக்குப் போன தொகையும் இருக்கும்.

இனி அவருடைய அவசரத்துக்கு வருவோம். முந்தைய ஆண்டு ஜனவரி முதல் மாதந்தோறும் 5-ஆம் தேதி 5,000 ரூபாய் போட்டு வந்தார். பதினைந்து தவணை ஆகிவிட்டது. "ஓர் ஆண்டுக்குள் எடுத்தால்தானே 1 சதவீதம் பிடிப்பார்கள்? எனக்குத்தான் ஓர் ஆண்டு தாண்டிவிட்டதே" என்றார்.

இங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள். இப்படிப் பிடிப்பதற்கு எக்ஸிட் லோடு, அதாவது வெளியேறும் கட்டணம் என்று பெயர். டைரக்ட், ரெகுலர் இரண்டிலும் உண்டு. ஆனால் அந்த ஓர் ஆண்டைக் கணக்குத் திறந்த நாளிலிருந்து எண்ணுவதில்லை. ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியே எண்ணுகிறார்கள். அன்றைக்கு ஓர் ஆண்டு நிறைந்தவை ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்ற முதல் மூன்று தவணைகள் மட்டுமே. அவற்றின் மதிப்பு 16,800 ரூபாய். மற்றப் பன்னிரண்டு தவணைகளின் மதிப்பு 63,000 ரூபாய். மொத்தத்தையும் எடுத்தால் இந்த 63,000-க்கு 1 சதவீதம், 630 ரூபாய் போய்விடும். கட்டணம் இலாபத்தின்மேல் அன்று, எடுக்கும் தொகையின்மேல். நட்டத்தில் எடுத்தாலும் பிடிப்பார்கள்.

யூனிட்டுகளை விற்கும்போது முதலில் வாங்கியது முதலில் வெளியேறும். ஆகவே 16,000 ரூபாய் மட்டும் எடுத்தால், அந்த மூன்று பழைய தவணைகளிலிருந்தே வந்துவிடும். கட்டணம் ஒரு காசும் இல்லை. அதையே செய்யச் சொன்னேன். மகளின் விடுதிக் கட்டணம் தவணை தவறாமல் கட்டியாயிற்று.

உடனே அடுத்த கேள்வி வந்தது. "மீதியை இப்போதே டைரக்டுக்கு மாற்றிவிடட்டுமா?" அவசரம் வேண்டாம் என்றேன். முகவர் வழி வந்த பணத்தை அதே ஃபண்டின் டைரக்டுக்கு மாற்றுவதும் பொதுவாக விற்று வாங்குவதாகவே கருதப்படும். ஓர் ஆண்டு ஆகாத தவணைக்கு 1 சதவீதம் கட்டணம் விழும். காத்திருந்தால் என்ன ஆகும்? ஆண்டுக்கு 1 சதவீதச் செலவு வேறுபாட்டில், இன்னும் ஐந்து மாதம் காத்திருக்கவேண்டிய தவணைக்கு 0.42 சதவீதம்தான் நட்டம். நேற்றுப் போட்டதாக இருந்தாலும் 1 சதவீதத்தைத் தாண்டாது. ஆகவே காத்திருப்பதே மேல். மாற்றும்போது இலாபத்துக்கு வரியும் உண்டு. பங்கு ஃபண்டில் ஓர் ஆண்டுக்குள் என்றால் அது 20 சதவீதம். ஓர் ஆண்டு கடந்தபின், நிதியாண்டில் 1,25,000 ரூபாய் வரை இலாபத்துக்கு வரியில்லை, மேற்பட்டதற்கு 12.5 சதவீதம். காத்திருக்க இதுவும் ஒரு காரணம்.

புதிய தவணைகளை மட்டும் உடனே டைரக்டில் தொடங்கச் சொன்னேன். பழையவற்றை ஓர் ஆண்டு நிறைய நிறைய மாற்றிக்கொள்ளட்டும். எல்லா ஃபண்டிலும் கட்டணம் ஒன்றுபோல் இராது. காலமும் விகிதமும் ஃபண்டின் விவரத் தாளில் அச்சாகியிருக்கும். அதைப் படித்தபின்தான் கையெழுத்திட வேண்டும்.

முகவர்மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. பாரம் நிரப்பி, சந்தை இறங்கிய நாளில் பயந்து விற்காமல் பிடித்து நிறுத்தும் முகவர் கிடைத்தால், அவர் கூலி நியாயமே. டைரக்டில் போகிறவர் ஃபண்டைத் தேர்வது முதல் எல்லாம் தாமே செய்யவேண்டும். அது முடியாதவர் ரெகுலரிலேயே இருக்கலாம். ஆனால் எவ்வளவு கொடுக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். அத்தை மகனுக்கு ஏறக்குறைய 80,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 800 ரூபாய். "இத்தனை நாளும் எனக்குத் தெரியவில்லையே, மச்சான்" என்றார்.

தமிழ்நாட்டு உறவினர் யாராவது இப்படிப் பணம் போட்டிருந்தால், இந்தப் பக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.