'கட்டு' என்ற சொல் வேண்டாம்!

மழைக்காலத்தில் முடிச்சூர் பக்கம் வீட்டுக்குள்ளேயே பாம்பு வந்துவிடுகிறது. பாம்புக்கடி முதலுதவிப் போஸ்டரைத் தமிழில் எழுதுகிறவர்கள் 'கட்டு' என்ற சொல்லையே தவிர்க்க வேண்டும். 'குச்சி வைத்துக் கட்டு' என்றால் நம்மவர்கள் கயிற்றை எடுத்து இறுக்கிவிடுவார்கள். ரத்த ஓட்டம் நின்று காலே கெட்டுப்போகும். இப்படி எழுதலாமே:

1. கடிபட்ட காலை ஆட்டாதீங்க.
2. கொலுசு, மெட்டியைக் கழற்றுங்க.
3. குச்சி வைத்து, துணியைத் தளர்வாகச் சுற்றுங்க.
4. 108-ஐக் கூப்பிடுங்க.

கயிறு, பிளேடு படங்கள் மேல் சிவப்புப் பெருக்கல் குறி போட்டால் தமிழ் தெரியாத கட்டடத் தொழிலாளிக்கும் புரியும். அது கூட்டல் குறியாகிவிட்டால் ஆஸ்பத்திரிச் சின்னம் என்று நினைத்துவிடுவார், ஜாக்கிரதை!

ஐந்தாவது வரி, சித்த வைத்தியனான நானே சேர்ப்பது: பச்சிலை தேடி அலையாதீங்க, விஷமுறிவு ஊசி உள்ள ஆஸ்பத்திரிக்கே போங்க.