பெயருக்கு முன்னால் நிற்கும் பட்டம்

இரட்டைமலை சீனிவாசன் பெயருக்கு முன்னால் 'திவான் பகதூர்' என்று பழைய ஏடுகளில் இருப்பதைப் பார்த்து, அவர் எந்தச் சமஸ்தானத்தில் திவானாக இருந்தார் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். 'ராவ் பகதூர்' என்பதைக் கண்டு, ராவ் என்பது சாதிப் பெயரா என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டும் தவறான வாசிப்பு.

திவான் என்பது பதவி. 1936இல் திருவிதாங்கூரின் திவானாக வந்த சி.பி.ராமசாமி ஐயர் அந்த அரசை நிர்வகித்தார். திவான் பகதூர் என்பது பிரிட்டிஷ் அரசு தந்த பட்டம் மட்டுமே. அதில் அதிகாரமோ நிலமோ இல்லை. மகனுக்கு வாரிசாகவும் போகாது. சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கு ராவ் சாகிப், அதற்கு மேல் ராவ் பகதூர், அதற்கும் மேல் திவான் பகதூர் என்பது வரிசை. முஸ்லிம்களுக்குக் கான் சாகிப், கான் பகதூர் என்று வழங்கினார்கள்.

சீனிவாசன் இந்த மூன்று படிகளையும் கடந்தவர். 1926இல் ராவ் சாகிப், 1930இல் ராவ் பகதூர், 1936இல் திவான் பகதூர். இந்த ஆண்டுகள் தெரிந்தால் ஆவணத்தின் காலத்தையும் சோதிக்கலாம். 1930 இறுதியில் லண்டனில் கூடிய வட்டமேசை மாநாட்டுக்கு அவர் ராவ் பகதூராகவே போனார். அந்த ஆண்டின் தாள் ஒன்றில் 'திவான் பகதூர்' என்று இருந்தால், அது பின்னாளில் படியெடுத்ததாகவோ திருத்தியதாகவோ இருக்க வேண்டும்.

பட்டம் வாங்கியதால் அவர் வெள்ளையருக்கு வால்பிடித்தவர் என்று சொல்வோரும் இருக்கிறார்கள். ஆண்டுகளைப் பாருங்கள். 'பறையன்' இதழை அவர் தொடங்கியது 1893இல். பொதுச்சாலையும் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1924இல். முதல் பட்டம் வந்தது அதற்குப் பிறகுதான். பட்டம் அவரை உருவாக்கவில்லை.

ஊர்ப்பக்கம் பழைய பத்திரங்களைப் புரட்டியவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். மேல்சாதிக்காரர் பெயரோடு மரியாதை ஒட்டிவரும்; நம் பாட்டன் பெயரோடு சாதி மட்டும் ஒட்டிவரும். அப்படிப்பட்ட காலத்தில் ஓர் ஒடுக்கப்பட்டவரை அரசாங்கத் தாளே 'ராவ் பகதூர்' என்று எழுத நேர்ந்தது. எம்.சி.ராஜாவையும் என்.சிவராஜையும் அப்படித்தான் எழுதியது.

அரசியலமைப்பின் 18ஆவது பிரிவு அரசு பட்டம் வழங்கும் முறையை ஒழித்தது. அது சரியே. இன்று நாம் அந்தப் பட்டங்களைப் போட்டு அழைக்க வேண்டியதில்லை. ஆனால் பழைய ஆவணங்களை மறுபதிப்புச் செய்யும்போது அவற்றை வெட்டிவிடாதீர்கள். அச்சில் இருந்தபடியே விட்டு, பொருளை அடிக்குறிப்பில் சொல்லுங்கள். பட்டத்தோடு சேர்ந்து அந்த ஆவணத்தின் காலமும் அழிந்துபோகும்.