கானின் கடைவாயிலிருந்து தொடங்குவோம்: மாரிக்கு இன்னும் பத்து நாள்!

ஒழுங்கைத் தோழர்களே, சகோதரிகளே!

கச்சான் ஓய்ந்துவிட்டது. பின்னேரமானால் மேற்கே வயல்பக்கம் இடி உறுமுகிறது. இதுவரை விழுந்தது தூறல். இனி வருவது மாரி. அதற்கு முன் நமக்குப் பத்து நாள் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, நாளைப் பின்னோக்கி எண்ணி இறங்குவோம்.

2024 நவம்பர் 26 நமக்கு மறக்கக்கூடிய நாளல்ல. காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸாப் பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. அன்று உயர்தரப் பரீட்சையின் இரண்டாம் நாள். மறுநாள் பரீட்சையையே நிறுத்திவைத்தார்கள். அந்த வீதியை உயர்த்துவது நம் கையில் இல்லை. நம் ஒழுங்கையும் கூரையும் நம் கையில்தான் இருக்கின்றன.

பத்தாம் நாள்: கான்

போன மாரிக்கு முன் நான் செய்த பிழையைச் சொல்கிறேன். எங்கள் ஒழுங்கையில் பதினொரு வீடு. என்னுடையது மேலிருந்து நாலாவது. என் வாசல் கானை மட்டும் வெட்டிச் சுத்தமாக்கிவிட்டுக் கையைக் கழுவினேன். முதல் பெருமழையில் என் வாசலில் தண்ணீர் சறுக்கிக்கொண்டு ஓடியது. ஆறாவது வீட்டு மூடிக்கல்லுக்குக் கீழே ஷொப்பிங் பேக்கும் தேங்காய் மட்டையும் அடைத்துக் கிடந்தன. ஓடிய தண்ணீர் அங்கே முட்டி, அந்த வீட்டு ராத்தாவின் குசினிக்குள் ஏறியது. என் கானை நான் திறந்ததால் அவருடைய அடுப்பு அணைந்தது.

அதனால்தான் சொல்கிறேன்: கானை வீடுவீடாக வெட்டினால் பலனில்லை. முழு ஒழுங்கையும் ஒரே நாளில், கடைவாயிலிருந்து மேல்நோக்கி வெட்ட வேண்டும். கீழே வழி திறந்திருந்தால், மேலே வெட்ட வெட்டத் தேங்கிய தண்ணீர் தானாக வடிந்து தரை தெரியும். மேலிருந்து தொடங்கினால் கலங்கிய சேறு முழுவதும் கீழ்வீட்டுக்காரரின் தலையில் இறங்கும்.

வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட்டதும் வீட்டுக்கு ஒருவர் வாருங்கள். மண்வெட்டி, தாச்சி, பழைய உரப்பை, ஒரு நீளமான மூங்கில் கொண்டு வாருங்கள். மூங்கில் நுனியில் சாக்கைச் சுற்றிக் கட்டி மூடிக்கல்லுக்குள் விட்டு இழுத்தால், கை எட்டாத அடைப்பும் வெளியே வரும். அள்ளிய சேற்றைக் கான் ஓரத்தில் குவிக்காதீர்கள். ஒரு மழை போதும், அது திரும்ப உள்ளே போய்விடும். உரப்பையில் அரைவாசிக்கு நிரப்பி அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். சப்பாத்தும் கையுறையும் இல்லாமல் யாரும் இறங்க வேண்டாம். காலில் சிறு கீறல் இருந்தாலும் எலிக்காய்ச்சல் கிருமிக்கு அது வாசல்.

வேலை முடிந்ததா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மேல்முனையில் நாலைந்து வாளி தண்ணீர் ஊற்றி, ஒரு காய்ந்த வேப்பிலையை மிதக்கவிட்டுப் பக்கத்தில் நடந்து போங்கள். இலை எங்கே சுழன்று நிற்கிறதோ அங்கே குழியோ மேடோ இருக்கிறது. அந்த இடத்தைத் திரும்ப வெட்டுங்கள்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவே தட்டையான மணல் நிலம். அதில்தான் நாம் குடியிருக்கிறோம். தோணா நிரம்பி, கடல்வாய் மணலால் மூடிக் கிடந்தால் நம் கான் தண்ணீர் போக இடமில்லாமல் நிற்கும். ஆகவே தோணாவின் வாயை நேரத்தோடு வெட்டித் தரும்படி ஒழுங்கை முழுவதும் கையெழுத்திட்ட ஒரு கடிதம் கிராம உத்தியோகத்தர் வழியாக மாநகர சபைக்குப் போக வேண்டும். வாய் திறந்த பிறகு தண்ணீர் சீக்கிரம் வடிவதா, நாள்கணக்கில் நாறுவதா என்பதை நாம் வெட்டி வைத்த கான் தீர்மானிக்கும்.

ஆறாம் நாள்: கூரை

முதலில் ஏறாதீர்கள். உச்சிவெயிலில் கதவு யன்னலைச் சாத்திவிட்டு உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் வெளிச்சம் ஊசிபோலக் குத்தும். அதற்கு நேர் கீழே நிலத்தில் சோக்கால் குறியிடுங்கள். ஒழுகிய கறை இருக்கும் இடத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். தண்ணீர் மரத்தில் வழிந்து ஓட்டைக்கு எட்ட வந்துதான் சொட்டும்.

நம் ஊரில் உப்புக்காற்று முதலில் தின்பது ஆணித்தலையை. அதற்கடுத்து வெயிலில் வெடிப்பது ஆணிக்குக் கீழே இருக்கும் றப்பர் வளையம். ஆணி அசைந்தாலோ வளையம் வெடித்திருந்தாலோ மாற்றுங்கள். அஸ்பெஸ்டஸ் சீட்டில் நேராகக் கால் வைப்பது ஆபத்து. ஆணி வரிசைக்கு மேலே பலகை போட்டு, அதில்தான் மிதிக்க வேண்டும். கீழே ஒருவர் ஏணியைப் பிடித்திருக்க வேண்டும். வயதான வாப்பாமார் ஏற வேண்டாம்; அதற்கு வாலிபர்கள் இருக்கிறோம்.

கொங்கிறீட் தட்டு போட்ட வீட்டுக்காரர்களே, உங்களுக்கு ஒழுக்கு இல்லை என்று இருந்துவிடாதீர்கள். தட்டின் வடிகுழாயில் காகக்கூடோ பிள்ளைகளின் பந்தோ அடைத்திருக்கலாம். இருபது சதுர மீற்றர் தட்டில் பத்துச் சென்ரிமீற்றர் தண்ணீர் நின்றால் அதன் எடை 2,000 கிலோ. பீலியையும் அப்போதே அள்ளிவிடுங்கள். அதில் தேங்கும் தண்ணீரில்தான் டெங்கு நுளம்பு முட்டையிடும்.

மூன்றாம் நாள்: டோர்ச்

மின்சாரம் நின்ற பிறகு டோர்ச்சைத் தேடும் வீடு நம் எல்லோருடைய வீடும்தான். பெட்டரியை மாதக்கணக்கில் உள்ளேயே விட்டால் அது கசிந்து, தகட்டில் வெள்ளைப் பொடி படியும். அதை உலர்ந்த துணியால் துடைத்து, மண்தாளால் மெல்லத் தேயுங்கள். பழைய பெட்டரியோடு புதியதைச் சேர்த்துப் போடாதீர்கள். பழையது முதலில் தீர்ந்து கசியும்.

சோதிப்பது எளிது. மஃரிப் தொழுததும் டோர்ச்சைப் போட்டு மூலையில் வையுங்கள். இஷா பாங்கு சொல்லும் வரை அதே வெளிச்சம் நின்றால் நல்லது. மஞ்சளாகச் சோர்ந்தால் அந்தப் பெட்டரி ஓர் இரவுக்கும் காணாது. சார்ஜ் டோர்ச்சும் அப்படியே: போன வருஷம் நன்றாக எரிந்தது என்பதற்காக இந்த வருஷமும் எரியும் என்றில்லை.

கடைசி நாள்: பத்திரங்கள்

2004 டிசம்பர் 26 காலையில் கடல் எடுத்துப்போனது உயிரையும் வீட்டையும் மட்டுமல்ல. காணி உறுதியும் அடையாள அட்டையும் இல்லாமல், தான் யார் என்பதை நிரூபிக்கப் பிரதேச செயலகத்துக்கு அலைந்தவர்கள் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களிடம் கேளுங்கள்.

அடையாள அட்டை, பிறப்பு அத்தாட்சி, விவாகப் பதிவு, காணி உறுதி, வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி, பரீட்சை எழுதும் பிள்ளையின் அனுமதி அட்டை ஆகியவற்றை ஒரே உறையில் போடுங்கள். உறுதியை லெமினேட் பண்ண வேண்டாம். பிறகு பிரிக்க முடியாது. ஓரம் விட்டுப்போனால் அதன் வழியே தண்ணீரும் ஏறும்.

உறை நல்லதா என்று கடைக்காரரைக் கேட்க வேண்டாம், வாளியைக் கேளுங்கள். உள்ளே ஒரு டிசுத்தாளை மட்டும் வைத்து மூடி, பத்து நிமிடம் தண்ணீருக்குள் அமிழ்த்திப் பிடியுங்கள். தாள் காய்ந்திருந்தால் பத்திரத்தை வையுங்கள். பிறகு முதல் உறையின் வாய் மேலே, இரண்டாவதன் வாய் கீழே வரும்படி ஒன்றுக்குள் ஒன்றாகப் போடுங்கள். அலுமாரியின் அடித்தட்டில் பூட்டி வைக்காதீர்கள். கதவுக்குப் பின்னால், உம்மாவுக்கும் எட்டும் உயரத்தில், ஆணியில் மாட்டுங்கள். டோர்ச்சும் அதே ஆணியில் தொங்கட்டும். வெளியேறச் சொன்னால் அந்த ஆணியில் இருப்பதை எடுத்துக்கொண்டு நடப்பதுதான் வேலை. மறந்துவிட்டேன் என்று வெள்ளத்துக்குள் யாரும் திரும்பிப் போகக் கூடாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்பியூலன்சின் 1990 இரண்டையும் அந்தக் கதவிலேயே எழுதி வையுங்கள்.

தோழர்களே, கூரையும் டோர்ச்சும் பத்திரமும் அவரவர் வீட்டுக்குள் முடியும் வேலை. கான் அப்படியல்ல. வெள்ளிக்கிழமை ஒரு வீட்டுக்காரர் வராவிட்டாலும் அவர் வாசலையும் சேர்த்தே வெட்டுவோம், ஏனென்றால் அங்கே முட்டுவது நம் தண்ணீர். முதல் மண்வெட்டி பதினோராவது வீட்டு வாசலில் விழும். அங்கே நான் நிற்பேன். வாருங்கள்!