பதினெட்டாவது அட்சக்கோடு: நண்பருக்கு ஒரு பரிந்துரை

அன்புள்ள நண்பருக்கு,

தமிழில் சரித்திர நாவல் என்றால் அரண்மனையும் குதிரையும்தான், மிஞ்சினால் தேசபக்திக் கண்ணீர் என்று சென்ற சந்திப்பில் சலித்துக்கொண்டீர்கள். 'தலைசிறந்த நூறு நாவல்கள்' வகைப் பட்டியல்கள் உங்களுக்கு உதவா. அவை யாருக்கும் உதவுவதில்லை என்பது எங்கள் கட்சி. ஆகவே உங்களை மட்டும் மனத்தில் வைத்து ஒரே ஒரு நூலைச் சொல்கிறோம்: அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு'. 1977இல் வெளிவந்தது.

களம் செகந்திராபாத். 1947 ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்றபோது ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு சேரவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் இரு தரப்பும் செய்துகொண்ட தற்காலிக ஒப்பந்தம் ஓராண்டுகூட நிலைக்கவில்லை. ரஜாக்கர்களின் வன்முறை பெருகியது. 1948 செப்டம்பர் 13 அன்று இந்திய ராணுவம் நுழைந்தது. ஐந்தாம் நாளில் நிஜாம் பணிந்தார். இவ்வளவும் நாவலில் உண்டு. ஆனால் நிஜாமின் தர்பாருக்குள் நாம் ஒருமுறைகூட அழைத்துச் செல்லப்படுவதில்லை. ரயில்வே ஊழியரின் மகனான சந்திரசேகரன் என்ற கல்லூரி மாணவனின் கண்ணுக்கு எட்டுவது எதுவோ அதுதான் சரித்திரம். வீட்டு மாடு, சைக்கிள், அக்கம்பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள், கல்லூரியில் திடீரென்று மாறும் முகங்கள். அரசியல் வதந்தியாகத்தான் அவனை வந்தடைகிறது. நமக்கும் அப்படித்தானே வருகிறது?

நாளிதழைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டுகிறவர் நீங்கள். இந்தப் பையனும் கிரிக்கெட் பித்தன்தான். பல மதத்துப் பையன்கள் கலந்து ஆடும் ஆட்டத்தில் மெல்ல ஏறும் இறுக்கத்தை, யார் யாரோடு பேசுவதை நிறுத்துகிறார்கள் என்பதை வைத்தே நீங்கள் கண்டுகொள்வீர்கள். ஆசிரியர் அதை அடிக்கோடிட்டுக் காட்டமாட்டார்.

உங்களுக்கு எரிச்சலூட்டக்கூடியதையும் மறைக்கவில்லை. கதை சில இடங்களில் 'அவன்' என்றும் சில இடங்களில் 'நான்' என்றும் மாறி மாறிச் செல்லும். முதல் சில அத்தியாயங்களில் எதுவுமே நடக்கவில்லை என்று தோன்றும். அங்கே புத்தகத்தை மூடிவைத்தவர்களை எங்களுக்குத் தெரியும். நீங்கள் மூடிவிடாதீர்கள், அந்தச் சாவதானத்தில் பழகிய தெருக்கள்தான் பின்னால் அச்சமூட்டுகின்றன. நகைச்சுவையும் அங்கேதான் அதிகம். சிரிக்கவைத்துவிட்டு ஒன்றுமறியாதவர் போல நகர்ந்துவிடும் அந்த வறண்ட எள்ளல் உங்களுக்குப் பிடிக்கும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடில்லை.

முடிவைப் பற்றி எங்களுக்குள் வேறுபாடு உண்டு. ஒருவருக்கு அது மிகச் சட்டென்று வந்ததாகப் படுகிறது. மற்றவர்களுக்கு அந்த வயதுப் பையனுக்கு அப்படித்தான் நேர முடியும். என்ன நடக்கிறது என்று சொல்லமாட்டோம். கடைசி அத்தியாயத்தை மட்டும் பேருந்தில் படிக்காதீர்கள். படித்தபின் நீங்கள் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
நண்பர்கள்