திரையில் எந்தத் தமிழ்?

ஸ்கூடாயில் பயிலும் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர், டிங்கிக் காய்ச்சல் பற்றிய விளக்க உரைக்காகத் தயாரித்த ஸ்லைடுகளை அண்மையில் என்னிடம் காட்டினார்கள. செய்தி ஒன்றுதான், தொகுப்புகள் மூன்று. ஒன்று தமிழ்ப்பள்ளியில் இரண்டாம், மூன்றாம் ஆண்டு படிக்கும் பிள்ளைகளுக்கு. மற்றொன்று படிவம் 4 மாணவர்களுக்கு. மூன்றாவது, தாமானில் வாழும் முதியவர்களுக்கு. மொழிக்கு அவர்கள் வகுத்துக்கொண்ட விதி எளிமையானது: வயது குறைந்தவர்களுக்குப் பேச்சுத் தமிழ், வயதானவர்களுக்கு எழுத்துத் தமிழ்.

கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் பிள்ளைகளுக்கான முதல் ஸ்லைடிலேயே அந்த விதி தடுக்கி விழுந்தது. 'கொசு முட்ட எங்க இருக்கு?' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். நாம் வாயால் சொல்லும்போது 'முட்டை' என்பது 'முட்ட' என்றுதான் ஒலிக்கிறது. அதில் தவறில்லை. எழுத்தில் 'முட்ட' என்றால் அது மாடு முட்டுவதைக் குறிக்கும் சொல். ஏழெட்டு வயதுப் பிள்ளை அதைப் படித்தால், கொசு எங்கே முட்ட வருகிறது என்றுதான் யோசிக்கும்.

இங்கே ஒரு செய்தியை நாம் மறந்துவிடுகிறோம். அந்த வயதுப் பிள்ளை பேச்சுத் தமிழைக் காதால் அறிந்திருக்கிறது, கண்ணால் அறிந்ததில்லை. வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படித்த சொல் எல்லாம் எழுத்துத் தமிழில் இருந்தவை. 'இலை' என்ற சொல்லைப் பாடநூலில் நூறு முறை பார்த்திருக்கும். 'எல' என்று எழுதினால் அதற்கு அது புதுச் சொல். 'உடம்பு' தெரியும், 'ஒடம்பு' தெரியாது. 'தலைவலி' தெரியும், 'தல வலி' என்று போட்டால் நடிகர் அஜித்துக்கு வலியோ என்று வகுப்பே சிரிக்கும். (இதைச் சொன்னதும் அந்த மாணவர்களும் சிரித்தார்கள், பிறகு ஸ்லைடைத் திருத்தினார்கள்.)

பேச்சுத் தமிழுக்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட எழுத்துமுறையும் இல்லை. 'வைத்து' என்பதை ஒருவர் 'வச்சு' என்று எழுதுகிறார், அடுத்தவர் 'வெச்சு' என்கிறார். 'அவர்கள்' என்பது ஒரு ஸ்லைடில் 'அவங்க', மறு ஸ்லைடில் 'அவுங்க'. எழுதியவர் தம் வீட்டு ஒலியை எழுதுகிறார். படிப்பவர் அதைத் தம் வீட்டு ஒலிக்கு மாற்றிக்கொண்ட பிறகுதான் பொருள் புரிகிறது. பேசும்போது இந்த வேலை காதுக்கு இல்லை. திரையில் பார்க்கும்போது கண்ணுக்கு இருக்கிறது.

பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் இதே கேள்வி கல்வித் திட்ட அளவில் எழுந்தது. தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு இடம் தர வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. வீட்டில் தமிழ் பேசுவது குறைந்துவரும் பிள்ளைகளுக்கு எழுத்துத் தமிழில் மட்டுமே பேசக் கற்பித்தால், அவர்கள் வகுப்புக்கு வெளியே யாரோடும் தமிழில் பேச மாட்டார்கள் என்ற கவலை அதன் பின்னால் இருந்தது. அந்த ஏற்பாட்டில் நம் கேள்விக்குப் பயன்படும் ஒன்று உண்டு. பேச்சுத் தமிழுக்குக் கிடைத்த இடம் கேட்டலிலும் பேசுதலிலும். கட்டுரைக்கும் வாசிப்புக்கும் எழுத்துத் தமிழே தொடர்ந்தது. அங்கே பிரிகோடு வயதின்படி போடப்படவில்லை. வாய்க்கும் தாளுக்கும் நடுவில் போடப்பட்டது.

ஸ்லைடின் சிக்கல் என்னவென்றால், அது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. திரையில் ஒரு வரி இருக்கிறது. பக்கத்தில் ஒருவர் நின்று பேசுகிறார். பேசுபவரின் மொழியைத் திரையில் ஏற்றினால் நெருக்கம் வந்துவிடும் என்று நினைக்கிறோம். நெருக்கத்தைத் தருவது அவருடைய குரல். திரை கண்ணுக்குரியது.

அப்படியானால் பிள்ளைகளின் ஸ்லைடில் 'நீர் தேங்கும் கொள்கலன்களை வாரந்தோறும் அப்புறப்படுத்துதல் வேண்டும்' என்று எழுதலாமா? கூடாது. இதைப் பார்த்துப் பயந்துதான் மாணவர்கள் பேச்சுத் தமிழுக்கு ஓடுகிறார்கள். உண்மையில் இங்கே இரண்டு வேறு செய்திகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று சொல் கடினமா எளிதா என்பது. மற்றொன்று சொல்லின் வடிவம் எழுத்து வழக்கா பேச்சு வழக்கா என்பது. 'கொள்கலன்', 'அப்புறப்படுத்துதல்' ஆகியவை கடினமான சொற்கள். அவற்றை மாற்ற 'வாளி', 'கொட்டு' போதும். வடிவத்தைத் தொடவே வேண்டியதில்லை.

அதுவும் பிள்ளைகளிடம் பேசும்போது தமிழ் நமக்கு ஒரு வசதி செய்து தருகிறது. 'நீ' என்று அழைத்து ஏவும் வினைகளில் பல, எழுத்திலும் பேச்சிலும் ஒன்றே: கொட்டு, மூடு, தேய், கழுவு, தேடு. 'வாளி', 'கொசு', 'வாரம்', 'காய்ச்சல்' போன்ற பெயர்ச்சொற்களும் அப்படியே. இவற்றை மட்டும் வைத்து எழுதிப் பார்த்தோம்:

'வாளியில் தண்ணீரா? கொட்டு. தேய். மூடு.'

'தண்ணீர்' என்ற சொல் பேச்சில் 'தண்ணி' ஆகும். அதைப் பிள்ளை பாடநூலில் முன்பே பார்த்திருக்கிறது. 'தேய்' எதற்கு என்று ஒரு மாணவி கேட்டார். ஏடிஸ் கொசு தன் முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, வாளியின் உட்சுவரில் ஒட்டிவைக்கும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை அங்கேயே இருக்கும். பல மாதம் காய்ந்து கிடந்தாலும், மறுபடி தண்ணீர் படும்போது பொரிக்கும். ஆகவே அந்த ஒரு சொல்லை விட்டால் ஸ்லைடே அரைகுறை. முட்டையிலிருந்து கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும் என்பதால்தான் வாரம் ஒரு முறை பார்க்கச் சொல்கிறோம். இந்த விளக்கமெல்லாம் பேசுபவர் தம் வாயால், 'பாருங்க தம்பிங்களா' என்று பேச்சுத் தமிழில் சொல்ல வேண்டியது.

படிவம் 4 மாணவர்களின் நிலை வேறு. நான் பார்த்தவரை அவர்களில் பலர் பேச்சுத் தமிழை நாள் முழுதும் எழுதுகிறார்கள். ஆனால் கைத்தொலைபேசியில், ஆங்கில எழுத்தில். அதே வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் போட்டால் அவர்களுக்கும் தடுமாற்றம்தான். எழுத்துத் தமிழில் இருந்தால், தமிழ்ப்பள்ளியை விட்டு நான்கு ஆண்டு ஆகியிருந்தாலும், கண் பழைய பழக்கத்தில் ஓடிவிடுகிறது.

இவர்களுக்குப் பேச்சுத் தமிழ் பொருந்தும் இடம் ஒன்று உண்டு. அது மேற்கோள். யாரோ ஒருவர் சொன்னதாக ஒரு வரி வரும்போது அது பேச்சாகவே இருக்கட்டும். தொகுப்பில் மிக நன்றாக அமைந்த ஸ்லைடு அதுதான். மேலே ஒரு பையனின் படம், அவன் வாயருகே: 'காய்ச்சல் விட்டுருச்சு, நாளைக்கு ஃபுட்சால் போலாம்.' கீழே எழுத்துத் தமிழில்: 'காய்ச்சல் குறைந்த பிறகு வரும் 24 முதல் 48 மணி நேரம்தான் டிங்கியில் ஆபத்தான நேரம்.' மேல்வரி அவர்களுடைய குரல், கீழ்வரி மருத்துவச் செய்தி. எது யாருடைய பேச்சு என்பது மொழியின் வேறுபாட்டிலேயே தெரிந்துவிடுகிறது. இரண்டையும் ஒரே நடையில் எழுதியிருந்தால் இந்தத் தெளிவு வந்திருக்காது.

முதியவர்களின் தொகுப்பில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். எழுத்துத் தமிழ் என்ற முடிவு சரியானது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, நாளிதழும் மின்னல் எஃப்.எம். செய்தியுமாக வாழ்ந்தவர்களுக்கு அது அந்நியமன்று. திரையில் 'வாளிய கவுத்து வைங்க' என்று பார்த்தால், நம்மைப் படிக்காதவர் என்று நினைத்துவிட்டார்களோ என்று சிலர் வருந்தவும் கூடும். ஆனால் மாணவர்கள் எழுத்துத் தமிழோடு கடினச் சொற்களையும் சேர்த்து அழைத்து வந்திருந்தார்கள். ஸ்லைடில் இருந்த வரி இது:

'வெப்பம் தணிந்த பின்னர் ஈறுகளில் குருதிக்கசிவு, இடையறாத வாந்தி, அடிவயிற்று உபாதை ஆகியன தென்படின் உடனடிச் சிகிச்சை பெறுதல் அவசியமாகும்.'

மரியாதையான வாக்கியம், ஆபத்தான வாக்கியமும்கூட. 'வெப்பம் தணிந்த பின்னர்' என்பதை வெயில் தணிந்த பிறகு என்று ஒருவர் எடுத்துக்கொள்ளலாம். 'தென்படின்' என்ற நிபந்தனை வாக்கியத்தின் கடைசியில் ஒளிந்திருக்கிறது. 'பெறுதல் அவசியமாகும்' என்பதில் யார், எங்கே போக வேண்டும் என்பதே இல்லை. காய்ச்சல் விட்டதும் நலமாகிவிட்டது என்று நம்பி வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் இந்த நோயில் அஞ்ச வேண்டியது. அந்த ஒன்றைத்தான் இவ்வரி சொல்ல வேண்டும். மாற்றி எழுதியது:

'காய்ச்சல் விட்ட பிறகும் கவனமாக இருங்கள். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம் – ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.'

எல்லாம் எழுத்து வழக்குதான். 'இருங்கள்', 'செல்லுங்கள்' என்ற மரியாதை விகுதி இருக்கிறது. 'செல்லவும்' என்று எழுதலாமா என்று ஒருவர் கேட்டார். பிழையில்லை, ஆனால் அது அறிவிப்புப் பலகையின் குரல். எதிரே அமர்ந்திருக்கும் பாட்டியிடம் 'செல்லுங்கள்' என்பதே பொருத்தம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அங்கே இருப்பார்கள். அவர்களுக்கு எந்த எழுத்து வழக்கும் உதவாது; படமும் பேசுபவரின் பேச்சுத் தமிழும்தான் உதவும்.

எழுதி முடித்த ஸ்லைடு சரியா என்று அறிய, அந்த வயதில் ஒருவரை அழைத்து உரக்கப் படிக்கச் சொல்லலாம். 'கவிழ்த்து வையுங்கள்' என்று இருப்பதை அவர் தம்மை அறியாமல் 'கவுத்து வைங்க' என்று படித்தால் கவலை வேண்டாம். பொருள் உள்ளே போய்விட்டது. வாய் தன் வழக்கில் அதைத் திருப்பித் தருகிறது. எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்து நடுவில் நின்றால், சொல்லின் வடிவத்தில் சிக்கல். தங்குதடையின்றிப் பாடநூல்போல் படித்துவிட்டு, 'அப்போ நீங்க என்ன செய்வீங்க?' என்று கேட்டதும் விழித்தால், சொல் கடினம் அல்லது வாக்கியம் நீளம். இரண்டும் வேறு வேறு நோய்கள், மருந்தும் வேறு.

தாத்தாவும் பேரனும் ஒரே மண்டபத்தில் அமர்ந்திருந்தால் என்ன செய்வது என்பது மாணவர்களின் கடைசிக் கேள்வி. தாமான் நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். மூன்று தொகுப்பையும் மாற்றி மாற்றிக் காட்ட முடியாது. வினையே இல்லாத தலைப்பு வரிகள் அங்கே கைகொடுக்கும். 'முட்டை முதல் கொசு வரை: 7 முதல் 10 நாள்' என்ற வரியில் 'நீ'யும் இல்லை, 'நீங்கள்' என்பதும் இல்லை, யாரையும் உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. ஆனால் எச்சரிக்கை ஸ்லைடில் மட்டும் இந்த வழியைப் பின்பற்ற வேண்டாம் என்றேன். அங்கே வினை வேண்டும், 'செல்லுங்கள்' என்ற மரியாதை வடிவிலேயே. பெரியவர்களை நோக்கிச் சொல்வதைப் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். பிள்ளைகளிடம் சொல்லும் 'போ' என்ற சொல்லைத் தாத்தாவுக்குக் காட்ட முடியாது.