வீட்டுத்தோட்டம்: மழைக்கால நாற்றும் நத்தையும்



மழை தொடங்கியதும் நாற்று நட ஆசை வரும். கொழும்பில் வைகாசி மழை, பிறகு ஐப்பசி, கார்த்திகை மழை. வடக்கிலும் கிழக்கிலும் மாரிதான் நடுகைக் காலம். நத்தை கிளம்பி வருவதும் அதே நாட்களில்தான். இரவு நட்ட கத்தரி நாற்று காலையில் வெறும் ஈர்க்குபோல நிற்கிறது என்று கடந்த மாதங்களில் பலர் எழுதியிருந்தீர்கள். கிருலப்பனையில் எங்கள் வளவுக்குப் பின்பக்கம் கால்வாய் ஓடுகிறது. மதிலில் எப்போதும் ஈரமும் பாசியும். அதனால் இந்தப் பிராணியோடு எனக்கு நீண்ட நாள் பழக்கம்.

முதலில் ஆளைச் சரியாக அடையாளம் காணவேண்டும். நத்தை வந்து போன இடத்தில் காலை வெயில் பட்டதும் வெள்ளிக்கோடுபோல மினுங்கும் பசை இருக்கும். இலையில் ஒழுங்கில்லாத ஓட்டைகள் இருக்கும், இளம் நாற்றென்றால் குருத்தும் இலையும் முழுவதாகப் போயிருக்கும். பசைக்கோடு இல்லாமல், இலையில் கறுப்புக் குறுணிபோல எச்சம் கிடந்தால் அது புழு. தண்டு அடியில் நறுக்கப்பட்டு, செடி அப்படியே பக்கத்தில் விழுந்து கிடந்தால் மண்ணுக்குள் இருக்கும் வெட்டுப்புழு. அவற்றுக்கு வைத்தியம் வேறு.

நம் வளவுகளில் அதிகம் சேதம் செய்வது கபில நிறக் கோடுகள் உள்ள பெரிய ஆபிரிக்க நத்தை. சிங்கள அயலவர்கள் கொலுபெல்லா என்பார்கள். இது நம் நாட்டுக்குரியதல்ல. கிழக்கு ஆபிரிக்காவைச் சேர்ந்தது. 1847இல் கல்கத்தாவில் ஒருவர் தோட்டத்தில் விட்டார். 1900ஆம் ஆண்டளவில் இலங்கைக்கும் கொண்டுவரப்பட்டது. ஒன்று ஒரு தடவையில் நூறுக்கு மேல் முட்டையிடும். ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லாததால் ஒவ்வொன்றும் முட்டையிடக்கூடியது. ஒருமுறை இணைந்தால் அதன்பின் பல தடவை முட்டையிடும். ஆகையால் ‘இரண்டு மூன்றுதானே’ என்று விட்டுவிட முடியாது. ஓடில்லாத வழுவழுப்பான நத்தையும் உண்டு. அது பகலில் சாடிக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். பிடிக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

எல்லோரும் முதலில் செய்வது சாம்பல் தூவுவது. காய்ந்த நிலத்தில் சாம்பலும் சுண்ணாம்பும் கொஞ்சம் தடுக்கும். ஒரு மழை பெய்தால் அது வெறும் சேறு, நத்தை அதன்மேல் சுகமாகப் போகும். முட்டைக்கோதும் அப்படித்தான். 2018இல் இங்கிலாந்தின் றோயல் தோட்டக்கலைச் சங்கம் முட்டைக்கோது, செப்புப் பட்டி, கற்குறுணி முதலியவற்றைச் சோதித்துப் பார்த்தது. அவை வைத்த செடிகளுக்கும் வைக்காத செடிகளுக்கும் சேதத்தில் வித்தியாசம் காணவில்லை. உப்பை நாற்றடியில் போடவே வேண்டாம். நத்தை செத்தாலும் மண் கெட்டு நாற்றும் கருகும்.

மழைக்காலத்தில் பலன் தருவது ஆளைப் பிடிப்பதும் நாற்றை எட்டாமல் வைப்பதும்தான்.

எங்கள் வரிசையில் ஓர் அக்கா இருக்கிறார். முல்லைத்தீவிலிருந்து 2009க்குப் பிறகு வந்தவர், கணவர் இல்லை. எட்டு அடி நீளம், நான்கு அடி அகலப் பாத்தியில் கீரையும் கறிமிளகாயும் வைத்து, காலையில் கட்டுக்கட்டாய் விற்கிறார். விதை வாங்கிய காசு இரண்டு முறை நத்தைக்குப் போனது. இரவில் ரோச் அடித்துக்கொண்டு வெளியே போக அவருக்கு மனம் வரவில்லை. அந்தப் பழைய பயம் எங்களில் பலருக்கு உண்டு. அதனால் பகலில் பிடிக்கும் வழியைச் செய்தோம்.

பழைய சாக்கை நன்றாக நனைத்து, நான்காய் மடித்து, பாத்தியின் நான்கு ஓரங்களிலும் ஒவ்வொன்றாய் வைத்தோம். ஒவ்வொன்றுக்கும் அடியில் பழுத்த பப்பாசித் தோலும் வாடிய கோவா இலையும். நத்தை இரவு முழுதும் மேய்ந்துவிட்டு, விடியும்போது வெயிலுக்குப் பயந்து இருட்டான ஈர இடம் தேடும். அந்த இடத்தை நாமே கொடுத்துவிடுகிறோம். காலை ஏழு மணிக்குச் சாக்கைத் தூக்கினால் அடியில் கூட்டமாக இருக்கும். முதல் நாள் முப்பதுக்கு மேல் அகப்பட்டன. நான்காம் நாள் பத்துக்குக் குறைந்தது. பத்து நாளில் ஒன்றோ இரண்டோதான். ஆனால் ஒரு நாள் சாக்கைத் தூக்கிப் பார்க்கத் தவறினால் அது நத்தைக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரித்தான். இரவு போகக்கூடியவர்கள் மழை விட்டபின் எட்டு மணிக்கு மேல் பாருங்கள். விடியற்காலை ஐந்து மணியும் நல்லது, அப்போது அவை இன்னும் ஒளிந்திருக்காது.

வெறுங்கையால் தொடக்கூடாது. எலிகளிலிருந்து நத்தைக்கு வரும் ஒரு வகைப் புழு மனிதருக்குள் போனால் மூளைச் சவ்வில் அழற்சி உண்டாக்கும். கையில் சொப்பிங் பையை மாட்டிக்கொண்டு எடுங்கள். பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். கீரையை ஓடும் தண்ணீரில் இலை இலையாகக் கழுவுங்கள். மழைக்காலத்தில் பச்சையாகச் சம்பல் போடுவதைவிடச் சமைப்பது பாதுகாப்பு.

பிடித்ததைக் கொதிநீரில் போட்டால் உடனே சாகும். விறகைச் சிக்கனம் பண்ணுபவர்கள் அரை வாளித் தண்ணீரில் உப்பைத் தாராளமாகக் கரைத்து, போட்டு மூடி, மறுநாள் வரை வையுங்கள். பிறகு பாத்திக்குத் தள்ளி ஓர் அடிக்குக் குறையாத குழியில் புதைக்கவேண்டும். அந்த உப்புத் தண்ணீரைச் செடிப்பக்கம் ஊற்றவேண்டாம். மதிலுக்கு அப்பால் எறிந்தால் அது திரும்பி வரும். அடுத்த வீட்டுக்காரியும் ஒரு தோட்டக்காரிதானே.

நாற்றைப் பொறுத்தவரை, அக்கா இப்போது விதையை நிலத்தில் போடுவதில்லை. தயிர்க் கப்பிலும் சிரட்டையிலும் முளைக்கவைத்து, ஒரு தட்டில் அடுக்கி, கூரைத் தாழ்வாரத்தில் கம்பியில் தொங்கவிடுகிறார். தட்டு சுவரில் முட்டக்கூடாது, எந்த இலையும் அதில் உரசக்கூடாது. முட்டினால் அதுவே நத்தைக்குப் பாலம். மேசைக்காலைத் தண்ணீர்ப் பேணியில் வைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. கொழும்பில் நான் அதைச் சொல்லமாட்டேன். அந்தத் தண்ணீரில் டெங்கு நுளம்பு வளரும்.

ஐந்தாறு இலை வந்து தண்டு சற்றுத் தடித்தபின்தான் பாத்திக்கு மாற்றவேண்டும். அதற்கு முன் மூன்று நாள் சாக்கு வைத்துப் பிடித்துவிடுங்கள். மாற்றிய பிறகு வளைத்த கம்பி மேல் பழைய நுளம்பு வலையைப் போர்த்தி, ஓரங்களை மண்ணுக்குள் புதைக்கலாம். வலை இலையில் படாமல் இருக்கவேண்டும். பிடிக்காமல் போர்த்தினால் உள்ளே இருக்கும் நத்தைக்கு விருந்து. இரண்டு வாரம் கழித்து வலையை எடுக்கலாம். தண்ணீர் ஊற்றுவது காலையில்தான். மாலையில் ஊற்றினால் இரவு முழுதும் பாத்தி ஈரமாக இருந்து அவற்றை அழைக்கும்.

கடையில் மெற்றல்டிகைட் குறுணி விற்பார்கள். சின்னப் பிள்ளைகளும் நாய், பூனை, கோழியும் உள்ள வளவுக்கு அது வேண்டாம், தின்றால் உயிருக்கு ஆபத்து. செம்பகம் வளவுக்கு வந்தால் விரட்டாதீர்கள், அது இந்த நத்தையைத் தின்னும்.

மழை ஓய்ந்து வெயில் வரும் வாரத்தில் பாத்தி ஓரம், சாடியடி, செங்கல் அடுக்கு இவற்றைக் கிளறிப் பாருங்கள். இரண்டு மூன்று அங்குல ஆழத்தில், பயறளவில் இளமஞ்சள் நிற முட்டைகள் கொத்தாக இருக்கும். எடுத்துக் கொதிநீரில் போடுங்கள். ஒரு கொத்தை அழித்தால் அடுத்த மழையில் நூறு நத்தை குறையும்.