விடுமுறைப் பயிற்சிக்கு எந்த வேலை?



சென்ற ஆண்டு ஜூன் மாதம் ஒரு மாலை, முன்பு என்னிடம் படித்த பெண்ணொருத்தி வீடு தேடி வந்தாள். பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிக்கிறாள். இரண்டாம் ஆண்டு முடியும் நேரம்.

"சார், ஆகஸ்டு, செப்டம்பர் விடுமுறையில் எங்காவது பயிற்சிக்குப் போகலாமென்று பார்க்கிறேன். தணிக்கையா, வரியா, கம்பெனிக் கணக்கா, எது எனக்குப் பிடிக்குமென்றே தெரியவில்லை," என்றாள்.

அவள் தகப்பனார் செம்பனைக் குலை வெட்டுகிறவர். கையுறைத் தொழிற்சாலைக்குப் போனால் இரண்டு மாதச் சம்பளமாவது கைக்கு வருமே என்பது அவர் எண்ணம். அதில் குற்றமில்லை. ஆனால் அவள் படிப்பில் கட்டாயப் பயிற்சி கடைசி ஆண்டில்தான் வருகிறது. அந்தச் சமயத்தில் துறை ஒத்துவரவில்லை என்று தெரிந்தால், வேலை தேடும் நேரமும் வந்துவிடும். இப்போது தவறினால் இரண்டு மாதத்தோடு போகும்.

மூன்று வேலைகளையும் நம் தோட்டத்தை வைத்தே அவளுக்குச் சொன்னேன். ஆபீசில் உட்கார்ந்து தினமும் பேர் பதிந்து, பில்லைச் சரிபார்த்து, மாத முடிவில் கணக்கை முடிக்கிறாரே கிராணி, அதுதான் கம்பெனிக் கணக்கு. வெளியிலிருந்து வந்து, கிராணி எழுதியதும் ஸ்டோரில் இருப்பதும் ஒத்திருக்கிறதா என்று பார்ப்பது தணிக்கை. அந்தக் கணக்கை வைத்து வருமான வரிக்கு எவ்வளவு கட்டவேண்டும் என்று சட்டப்படி போட்டுக் கொடுப்பது வரி வேலை. முதலாவதில் ஒரே இடம், ஒரே கணக்கு. இரண்டாவதில் வாரத்துக்கொரு கம்பெனி. மூன்றாவதில் சட்டப்புத்தகமும் பாரமும்.

"எது பிடிக்கும் என்று யோசித்துக்கொண்டே இருக்காதே. மூன்றிலும் வேலை பார்க்கும் சீனியர்களிடம் ஒரே கேள்வி கேள்: நேற்றுக் காலை முதல் மாலை வரை என்ன செய்தீர்கள்?" என்றேன். "வேலை எப்படி" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். நேற்றைய வேலையைக் கேட்டால்தான் உண்மை வரும். வரி வேலையில் இருந்தவர் இன்னொன்றும் சொன்னார்: தனியாட்களின் பாரங்களுக்கு ஏப்ரல் 30, ஜூன் 30 என்று கெடு, ஆகஸ்டில் வந்தால் அந்த நெருக்கடியைப் பார்க்க முடியாது. எந்த மாதத்தில் போகிறோமோ அந்த மாதத்து வேலையைத்தான் பார்ப்போம். இதைப் பல பிள்ளைகள் யோசிப்பதில்லை.

கடைசியில் பக்கத்துப் பட்டணத்தில் ஏழெட்டுப் பேர் மட்டும் வேலை செய்யும் ஒரு தணிக்கை அலுவலகத்தைத் தேர்ந்தெடுத்தாள். கோலாலம்பூரில் பெரிய நிறுவனம் கிடைத்திருந்தால் பெயர் வந்திருக்கும். ஆனால் அறை வாடகை அலவன்ஸைத் தின்றிருக்கும், ஒரே பிரிவில் உட்காரவும் வைத்திருப்பார்கள். சின்ன அலுவலகத்தில் தணிக்கையும் உண்டு, வரியும் உண்டு, சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவதும் உண்டு. மனம் தெளியாதவர்களுக்கு அதுவே வசதி. அலவன்ஸ் மாதம் 500 வெள்ளி. வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வந்தாள்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கச் சொல்லியிருந்தேன். அன்று செய்த வேலை, எத்தனை மணி நேரம், நாளைக்கும் அதே வேலையைக் கேட்டு வாங்குவாளா, இவ்வளவுதான் எழுதவேண்டும். முதல் இரண்டு வாரத்துப் பதிவுகளை நான் கணக்கில் சேர்க்கவில்லை. கை பழகாத எரிச்சலும் வேலை பிடிக்காத எரிச்சலும் அப்போது ஒன்றாகவே தெரியும். மேலாளர் திட்டிய நாளுக்கு ஓரத்தில் ஒரு புள்ளி வைக்கச் சொன்னேன். ஆளைப் பிடிக்காததை வேலையைப் பிடிக்காததாக எடுத்துக்கொள்ளக் கூடாதல்லவா?

செப்டம்பர் 30-இல் கணக்கு முடிக்கும் ஓர் இரும்புச் சாமான் கடைக்கு, அன்று மாலை சரக்கு எண்ண அனுப்பினார்கள். புத்தகத்தில் சிமெண்டு 140 மூட்டை, எண்ணினால் 128. கடைக்காரர் திருட்டு என்றே நினைத்துவிட்டார். இவள் லாரியில் சரக்கு ஏற்றும்போது எழுதும் சீட்டுகளை நம்பர் வரிசையில் புரட்டினாள். அன்று பிற்பகல் 12 மூட்டை வெளியே போயிருந்தது. பில் மறுநாள் காலைதான் போடுவதாக இருந்தார்கள். அப்படியே விட்டிருந்தால் இந்த ஆண்டு விற்பனை அடுத்த ஆண்டில் போய் விழுந்திருக்கும். அன்றைய பக்கத்தில் "நாளைக்கும் கேட்பேன்" என்று இரண்டு முறை எழுதியிருந்தாள்!

வரிப் பாரம் எழுதிய ஒன்பது நாளில் ஏழு நாளுக்கு "வேண்டாம்" என்றிருந்தது. கடைக்கணக்கு எழுதிய நாட்களில் பாதிக்குப் பாதி.

பெரிய நிறுவனத்தில், இரவு வெகுநேரம் உட்காரும் வேலை அவளுக்கு ஒத்துவருமா என்பதை அந்த நோட்டு சொல்லாது. டிசம்பரில் கணக்கு முடிக்கும் கம்பெனிகளின் தணிக்கை நெருக்கடி ஜனவரி முதல் ஏப்ரல் வரை. ஆகவே கடைசி ஆண்டுக் கட்டாயப் பயிற்சியை அந்த மாதங்களில் வைத்துக்கொள்ள முடியுமா என்று இப்போதே விரிவுரையாளரிடம் கேட்டிருக்கிறாள். தகப்பனாருக்கு இன்னும் அந்தக் கையுறைத் தொழிற்சாலைச் சம்பளத்தின்மேல் கொஞ்சம் வருத்தந்தான்.